முட்டை: அமெரிக்காவில் ஃபிரிட்ஜில், பிரிட்டனில் அலமாரியில். ஏன் இப்படி?

அமெரிக்காவில் இருக்கும் மகள் முட்டையை ஃபிரிட்ஜை விட்டு வெளியே வைக்கவே விடமாட்டாள். லண்டனில் மகன் முட்டை வாங்குவது மாவு பாக்கெட்டுக்குப் பக்கத்து அலமாரியில். ரெண்டு பேரில் யார் செய்வது சரி?

இரண்டு பேருமே சரி, அவரவர் ஊர் முட்டைக்கு. கடையில் இருக்கும்போது பார்க்க ஒன்றுபோல் இருந்தாலும், அங்கே வந்து சேர்ந்த வழி வேறு. அமெரிக்க முட்டை வெந்நீரில் சோப்புக் கரைசல் போட்டுக் கழுவப்பட்டது. பிரிட்டிஷ் முட்டை கழுவப்படாதது; ஆனால் அதை இட்ட கோழிக்குத் தடுப்பூசி போட்டிருப்பார்கள். இருவருக்கும் எதிரி ஒன்றுதான்: சால்மொனெல்லா என்டரிடிடிஸ் என்ற பாக்டீரியா. அதை எந்த இடத்தில் மறிப்பது என்பதில்தான் வழி பிரிந்தது. அமெரிக்கா ஓட்டிலும் குளிரிலும் மறித்தது, பிரிட்டன் கோழியின் உடம்பிலேயே மறித்தது. அமெரிக்க முட்டையை பிரிட்டிஷ் முட்டை மாதிரி வாரக்கணக்கில் மேஜையில் வைத்தால்தான் சிக்கல்.

கழுவுவது நல்லதுதானே? ஓட்டில் எச்சம் ஒட்டிய முட்டையை யார் சாப்பிடுவார்கள்?

முட்டை ஓடு பார்க்கக் கல் மாதிரி இருந்தாலும் அதில் 7,000 முதல் 17,000 வரை நுண்துளைகள் உண்டு. உள்ளே குஞ்சு வளர்ந்தால் அது மூச்சுவிட வேண்டுமே. அந்தத் துளைகள் திறந்தே கிடந்தால் கிருமி உள்ளே போய்விடும் என்பதால், கோழி கடைசி வேலையாக ஓட்டின் மேல் ஒரு மெல்லிய படலத்தைப் பூசி அனுப்புகிறது. கியூட்டிகிள் என்று பெயர். பெரும்பகுதி புரதம். தடிமன் ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு அளவுதான். இட்ட நேரத்தில் ஈரமாகப் பளபளக்கும், சில நிமிடங்களில் காய்ந்து துளை வாய்களை அடைத்துக்கொள்ளும். காற்று போய்வரும், தண்ணீரும் பாக்டீரியாவும் எளிதில் போக முடியாது.

கழுவினால் எச்சம் போகும், கூடவே இந்தப் படலமும் ஓரளவு போகும். எவ்வளவு போகும் என்பது தண்ணீரின் சூடு, கரைசலின் காரத்தன்மை, பிரஷ் தேய்க்கும் வேகம் இவற்றைப் பொறுத்தது.

இதைவிடப் பெரிய ஆபத்து ஒன்று உண்டு, பலருக்குத் தெரியாதது. கோழியின் உடல் வெப்பம் சுமார் 41 டிகிரி செல்சியஸ். இட்ட முட்டை ஆறும்போது உள்ளே இருப்பது சுருங்குகிறது, ஓடு சுருங்காது. அந்த இழுப்பில் அகலமான முனை வழியே காற்று உள்ளே வந்து ஒரு சிறு அறை உண்டாகிறது. அவித்த முட்டையை உரிக்கும்போது அடியில் தெரியும் குழி அதுதான். வெதுவெதுப்பான முட்டையைக் குளிர்ந்த தண்ணீரில் போட்டாலும் இதே இழுப்பு வரும். ஆனால் இப்போது உள்ளே வருவது காற்றில்லை, கழுவிய அழுக்குத் தண்ணீர். மேலே இருந்த கிருமியை நாமே உள்ளே ஏற்றிவிட்டதாகிவிடும். ஐரோப்பாவில் கழுவக் கூடாது என்று விதி எழுதியவர்களுக்கு இந்தக் கவலை பெரிதாக இருந்தது.

அப்படியென்றால் அமெரிக்காவில் எப்படித்தான் தைரியமாகக் கழுவுகிறார்கள்?

கண்டபடி கழுவுவதில்லை. அமெரிக்க வேளாண்துறையின் தர முத்திரை வேண்டுமென்றால் கழுவும் தண்ணீர் குறைந்தது 32 டிகிரி இருக்க வேண்டும். கூடவே, அன்றைக்கு வந்த முட்டைகளில் எது அதிகச் சூடோ அதைவிட 11 டிகிரியாவது கூடுதலாக இருக்க வேண்டும். பண்ணையிலிருந்து வந்த முட்டை உள்ளே 24 டிகிரி என்றால் தண்ணீர் 35 டிகிரிக்குக் குறையக் கூடாது. தண்ணீர் சூடாக இருக்கும்போது முட்டையின் உள்ளிருப்பு விரியும், துளை வழியே வெளிப்பக்கம்தான் அழுத்தம் இருக்கும், எதுவும் உள்ளே இழுபடாது.

முட்டைகள் உருளைகள் மேல் சுழன்றுகொண்டே போகும். முதலில் நனைப்பு, அப்புறம் காரமான சோப்புக் கரைசலோடு பிரஷ், அப்புறம் குளோரின் கலந்த வெந்நீர்த் தெளிப்பு, கடைசியாகக் காற்றடித்துக் காயவைத்தல். ஈரத்தோடு பெட்டிக்குப் போகக் கூடாது. ஊறப்போடவும் கூடாது. பிறகு விளக்கு வெளிச்சத்தில் விரிசல் பார்த்து, எடை பார்த்து அட்டையில் அடுக்குவார்கள். சில இடங்களில் உணவுத் தர மினரல் எண்ணெயை மேலே தெளிப்பதும் உண்டு. போன படலத்துக்கு ஒரு மாற்று.

அந்த விதிகளில் எனக்குப் பிடித்த ஒரு வரி இருக்கிறது. தண்ணீரில் இரும்புச் சத்து 10 லட்சத்தில் 2 பங்குக்கு மேல் இருந்தால் அதைச் சரிசெய்யாமல் கழுவப் பயன்படுத்தக் கூடாது. காரணம் வெள்ளைக்கருவில் இருக்கிறது. அதிலுள்ள ஒரு புரதம் இரும்பை இறுகப் பிடித்து வைத்துக்கொள்ளும். இரும்பு கிடைக்காத பாக்டீரியா பெருக முடியாது. கழுவும் தண்ணீரே இரும்பைச் சுமந்துகொண்டு உள்ளே போனால் அந்தக் காவல் வீணாகிவிடும்.

இவ்வளவு சுத்தமாகக் கழுவின பிறகு ஃபிரிட்ஜ் எதற்கு? வெளியே வைக்க வேண்டியதுதானே?

ஓடு சுத்தமாகிவிட்டது, படலமும் போய்விட்டது. இனி ஈரமோ கிருமியோ மேலே பட்டால் தடுக்க ஆளில்லை. இது ஒரு காரணம். ஆனால் முக்கியமான காரணம் ஓட்டில் இல்லை.

சால்மொனெல்லா என்டரிடிடிஸ் கோழியின் கருவகத்திலும் முட்டைக் குழாயிலும் போய்க் குடியேறும். கோழி ஆரோக்கியமாகவே தெரியும், முட்டையும் இடும். ஆனால் ஓடு உருவாவதற்கு முன்பே முட்டைக்குள் சில பாக்டீரியாக்கள் புகுந்துவிடும். அந்த முட்டையை எத்தனை தரம் கழுவினாலும் பயன் இல்லை. இது அபூர்வம்தான், அமெரிக்காவில் 20,000 முட்டைக்கு ஒன்று என்று நெடுங்காலமாக ஒரு மதிப்பீட்டைச் சொல்லிவருகிறார்கள். இந்த வகைக்குத்தான் குளிர். சுமார் 7 டிகிரிக்குக் கீழே சால்மொனெல்லா பெருகுவது அநேகமாக நின்றுவிடும். சாகாது, தூங்கும்.

அமெரிக்கச் சட்டம் சொல்லும் 7.2 டிகிரி அங்கிருந்து வந்ததுதான். 1999இல் கிடங்குக்கும் லாரிக்கும் விதி வந்தது. 2000 டிசம்பரில் கடைக்கு. 2009இல் பண்ணைக்கு: இட்ட 36 மணி நேரத்துக்குள் முட்டை குளிர் அறைக்குப் போய்விட வேண்டும். 50,000 கோழிக்கு மேல் வைத்திருந்தவர்களுக்கு இது 2010 ஜூலையில் அமலானது. அடுத்த மாதமே அயோவா மாநிலப் பண்ணைகளிலிருந்து 50 கோடிக்கும் அதிகமான முட்டைகளைத் திரும்பப் பெற வேண்டியதாயிற்று. நோய் பல மாதங்களாகவே பரவிக்கொண்டிருந்தது. சட்டம் கொஞ்சம் தாமதமாக வந்து சேர்ந்தது.

இந்த ஏற்பாட்டில் ஒரு பலவீனமும் இருக்கிறது. 7.2 டிகிரி என்பது அறையின் வெப்பம், முட்டையின் வெப்பம் அல்ல. வெந்நீரில் குளித்துச் சூடேறிய முட்டையை அட்டையில் அடைத்து, அட்டைகளைப் பெட்டியில் அடைத்து, பெட்டிகளை ஆள் உயரத்துக்கு அடுக்கிக் குளிர் அறையில் விட்டால், நடுவில் இருக்கும் முட்டை குளிர்வதற்குப் பல நாட்கள் ஆகலாம்.

பிரிட்டனில் கழுவுவதும் இல்லை, கடையில் குளிர்ப்பெட்டியும் இல்லை. எப்படிச் சமாளிக்கிறார்கள்?

அவர்கள் அடிபட்டுத்தான் இந்த வழிக்கு வந்தார்கள். 1980களில் பிரிட்டனில் முட்டையால் வரும் சால்மொனெல்லா நோய் ஏறிக்கொண்டே போனது. 1988 டிசம்பர் 3ஆம் தேதி சுகாதாரத் துறை இணையமைச்சர் எட்வினா கரி, நாட்டின் முட்டை உற்பத்தியில் பெரும்பகுதி சால்மொனெல்லாவால் பாதிக்கப்பட்டிருக்கிறது என்று தொலைக்காட்சியில் சொல்லிவிட்டார். முட்டை விற்பனை பாதிக்கும் கீழே விழுந்தது. பண்ணையாளர்கள் கொந்தளித்தார்கள். இரண்டே வாரத்தில், டிசம்பர் 16ஆம் தேதி, அவர் பதவி விலகினார். அவர் சொன்னது மிகை. ஆனால் பிரச்சினை பொய்யில்லை.

பத்து வருடம் கழித்து, 1998இல், பிரிட்டிஷ் முட்டைத் தொழிலே முன்வந்து ஒரு ஏற்பாட்டைக் கொண்டுவந்தது. ஓட்டில் சிவப்பு நிறத்தில் சிங்க முத்திரை குத்தியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அந்த முத்திரை வேண்டுமென்றால், முட்டையிடத் தொடங்கும் முன்பே ஒவ்வொரு கோழிக்கும் சால்மொனெல்லா தடுப்பு மருந்து கொடுத்திருக்க வேண்டும். குஞ்சுப் பருவத்தில் குடிதண்ணீரில் கலந்து கொடுக்கும் மருந்தும் உண்டு, ஊசியும் உண்டு. தாய்க்கோழிப் பண்ணை முதல் தீவனம் வரை எல்லாவற்றுக்கும் பதிவேடு, சோதனை. எந்த முட்டை எந்தப் பண்ணையிலிருந்து வந்தது என்று ஓட்டில் இருக்கும் குறியீட்டை வைத்தே கண்டுபிடித்துவிடலாம்.

பலன் கண்ணுக்குத் தெரிந்தது. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் இந்தக் கிருமியின் அதிகம் பரவிய ஓர் உட்பிரிவால் 1997இல் பதிவான நோயாளிகள் 14,771 பேர். 2009இல் 581. எல்லாப் பெருமையும் தடுப்பூசிக்கே என்று சொல்ல முடியாது, பண்ணைச் சுத்தமும் கூடியது. ஆனாலும் பெரிய திருப்பம் கோழிக்கு மருந்து கொடுத்ததில் வந்ததுதான் என்பது என் கருத்து. 2017 அக்டோபரில் பிரிட்டன் உணவுத் தர முகமை, சிங்க முத்திரை முட்டையைக் கர்ப்பிணிகளும் குழந்தைகளும் முதியவர்களும் மஞ்சள்கரு ஓடும் பதத்தில் சாப்பிடலாம் என்று தன் பழைய அறிவுரையை மாற்றிக்கொண்டது.

ஐரோப்பிய ஒன்றியமும் இதே பாதையில் போனது. 2009 ஜனவரியிலிருந்து, இந்தக் கிருமி கண்டுபிடிக்கப்பட்ட கோழிக்கூட்டத்தின் முட்டையை அப்படியே மேஜைக்கு விற்க முடியாது. சூடாக்கிப் பதப்படுத்தும் ஆலைக்குத்தான் போக வேண்டும். கழுவத் தடை போட்டதில் ஒரு தந்திரமும் இருக்கிறது. கழுவ முடியாது என்றால் அழுக்கு முட்டையை நல்ல விலைக்கு விற்க முடியாது. ஆகவே முட்டை அழுக்காகாமல் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு பண்ணைக்காரர் தலையில் விழுகிறது. ஸ்வீடனில் முன்பிருந்தே அனுமதி பெற்ற சில நிலையங்கள் கழுவலாம் என்று விலக்கு வைத்தார்கள்.

அமெரிக்காவும் எல்லாக் கோழிக்கும் தடுப்பூசி போட்டுவிட்டு ஃபிரிட்ஜை விட்டுவிடலாமே?

அங்கேயும் பல பெரிய பண்ணைகள் தாமாகவே தடுப்பூசி போடுகின்றன. ஆனால் 2009இல் விதி எழுதும்போது, தடுப்பூசி வேலை செய்கிறது என்பதற்குக் களத்தில் போதிய ஆதாரம் இல்லை என்று சொல்லி அதைக் கட்டாயமாக்காமல் விட்டார்கள். பதிலுக்குக் கோழிக் கொட்டகையில் கிருமிச் சோதனை, எலிக் கட்டுப்பாடு, சோதித்த இனப்பெருக்கப் பண்ணையிலிருந்து குஞ்சு வாங்குவது, இவற்றைக் கட்டாயமாக்கினார்கள். எலி சாதாரண விஷயமில்லை. ஒரு கூட்டம் கோழியை அனுப்பிக் கொட்டகையைக் கழுவிவிட்டாலும், அடுத்த கூட்டத்துக்குக் கிருமியைப் பத்திரமாகக் கொண்டு சேர்ப்பது அதன் எச்சம்தான்.

அப்புறம் பழக்கமும் முதலீடும். கழுவும் எந்திரம், குளிர் லாரி, கடையில் குளிர்ப்பெட்டி, வீட்டில் பெரிய ஃபிரிட்ஜ் என எல்லாம் ஏற்கெனவே இருக்கிறது. குளிரில் முட்டை கூடுதல் நாள் தாங்குவதால், ஒரு மூலையில் உற்பத்தி செய்து இன்னொரு மூலையில் விற்கும் பெரிய நாட்டுக்கு அது வசதியும்கூட. கனடாவும் கழுவிக் குளிர்விக்கும் பக்கம்தான். டொராண்டோவில் இருக்கிறவர்கள் மகள் சொல்வதையே கேட்கலாம்.

ஐரோப்பாவில் முட்டையைக் குளிரில் வைப்பதே சட்டவிரோதம் என்கிறார்களே?

பாதி உண்மை. முதல் தர முட்டையை, செயற்கையாக 5 டிகிரிக்குக் கீழே வைத்த கிடங்கில் சேமிக்கக் கூடாது என்பதுதான் விதி. கடையில் சில நாள் குளிரில் இருந்தால் குற்றமில்லை. அவர்களுடைய பயம் குளிரைப் பற்றியது அல்ல, குளிரிலிருந்து வெளியே வருவதைப் பற்றியது. குளிர்ந்த முட்டை வெப்பமான காற்றுக்கு வந்ததும் ஓட்டில் வியர்க்கும். அந்த ஈரத்தில் கிருமி பெருகும், கியூட்டிகிளையும் தாண்டும். கடையில் குளிரவைத்து, வாங்கினவர் பையில் போட்டு பஸ்ஸில் கொண்டுபோகும் வழியில் வியர்க்கவிடுவதைவிட, முதலிலிருந்தே ஒரே சீரான வெப்பத்தில் வைப்பது மேல் என்பது அவர்கள் கணக்கு.

இதில் வேடிக்கை என்னவென்றால், அதே ஐரோப்பிய விதிப்படி முட்டை அட்டையின் மேல் "வாங்கிய பிறகு குளிரில் வையுங்கள்" என்ற அறிவுரை அச்சிட்டிருக்க வேண்டும். வெளியே அலமாரியில் வைத்து விற்பார்கள், வீட்டில் ஃபிரிட்ஜில் வைக்கச் சொல்வார்கள். வீட்டுக்கு வந்த முட்டை அதற்கு மேல் ஊர் சுற்றப்போவதில்லை அல்லவா, அதனால் முரண் இல்லை. லண்டனில் இருக்கும் உங்கள் மகனும் வீட்டில் ஃபிரிட்ஜிலேயே வைக்கட்டும்.

அறை வெப்பத்தில் முட்டை எத்தனை நாள் தாங்கும்? ஒவ்வொருவரும் ஒன்று சொல்கிறார்களே!

எந்த ஊர் அறை என்று கேட்க வேண்டும். மஞ்சள்கருவைச் சுற்றி ஒரு மெல்லிய சவ்வு இருக்கிறது. அது இறுக்கமாக இருக்கும்வரை, வெள்ளைக்கருவுக்குள் புகுந்த சில பாக்டீரியாக்கள் பட்டினி கிடக்கும். நாள் ஆக ஆக சவ்வு தளர்ந்து, மஞ்சள்கருவின் இரும்பும் சத்தும் கசியும். அன்றிலிருந்து பாக்டீரியாவுக்கு விருந்து. சவ்வு எவ்வளவு நாளில் தளரும் என்பதை வெப்பம் தீர்மானிக்கிறது. பிரிட்டிஷ் நுண்ணுயிரியலாளர் ஹம்ஃப்ரியின் ஆய்வை ஒட்டிய ஒரு சூத்திரம் இதற்கு உண்டு. ஜப்பானிய முட்டைத் தொழிலில் அதை வைத்துத்தான் தேதி கணக்கிடுகிறார்கள். அங்கே பச்சை முட்டையைச் சோற்றில் உடைத்து ஊற்றிச் சாப்பிடுவார்கள், ஆகவே அவர்களுக்கு இது விளையாட்டில்லை.

```
D = 86.939 − 4.109T + 0.048T²
```

T என்பது செல்சியஸ் வெப்பம். D என்பது, கிருமி புகுந்த முட்டை ஒன்றில் அது வேகமாகப் பெருகத் தொடங்குவதற்கு முன் நமக்குக் கிடைக்கும் நாட்கள். 20 டிகிரி போட்டால் 24 நாள் வருகிறது. பிரிட்டிஷ் கடை கிட்டத்தட்ட அந்த வெப்பம்தான். இட்ட 21 நாளுக்குள் முட்டை வாடிக்கையாளர் கைக்குப் போய்விட வேண்டும் என்று ஐரோப்பா வெகுகாலம் வைத்திருந்த விதி இதோடு பொருந்துவதைப் பாருங்கள். 10 டிகிரி போட்டால் 50 நாள். 25க்கு 14. 30க்கு ஏழே நாள். 30க்கு மேலே இந்தச் சூத்திரத்தை நம்பி இழுக்க வேண்டாம்.

ஒரு முட்டையை வைத்துப் பார்ப்போம். சென்னையில் மளிகைக் கடையில் 30 டிகிரியில் மூன்று நாள் இருந்தது. அதன் ஏழு நாள் கணக்கில் பாதிக்குச் சற்றுக் குறைவாகச் செலவாகிவிட்டது. வாங்கி வந்து ஃபிரிட்ஜ் கதவில், சுமார் 10 டிகிரியில் வைக்கிறீர்கள். மீதமுள்ள பாதிக்குச் சற்று அதிகமான பங்கு, 50 நாள் அளவுகோலில் ஏறக்குறைய 28 நாள் ஆகிறது. அதே முட்டையைச் சமையலறை மேடையிலேயே விட்டால் நான்கு நாள்தான். இது தோராயக் கணக்கு. ஆனால் ஒரு நாள் வெயிலும் ஒரு நாள் குளிரும் சமமில்லை என்பதை இது நன்றாகக் காட்டுகிறது.

ஜப்பானில் இந்த அடிப்படையில் குளிர்காலத்துக்கு 57 நாள், கோடைக்கு 16 நாள் என்று தேதி போடுவது வழக்கம். வீட்டு ஃபிரிட்ஜில் இருக்கும் ஒரு வாரமும் அதில் சேர்த்தி. தேதி தாண்டினால் எறியச் சொல்வதில்லை, நன்றாக வேகவைத்துச் சாப்பிடச் சொல்கிறார்கள். அங்கே கழுவுவார்கள், ஆனாலும் பல கடைகளில் வெளியே வைத்தே விற்பார்கள். எனவே "கழுவினால் ஃபிரிட்ஜ், கழுவாவிட்டால் அலமாரி" என்ற கோடும் எல்லா ஊரிலும் செல்லுபடியாகாது.

அப்போ நம்ம நாமக்கல் முட்டை? 30 முட்டை அட்டையில் வெயிலில் வருகிறதே!

நம் ஊரில் வெளியே வைப்பதைப் பார்த்துவிட்டு "நாமும் ஐரோப்பா மாதிரித்தான்" என்று சிலர் எழுதுகிறார்கள். கழுவாததில் மட்டும்தான் ஒற்றுமை. பிரிட்டனின் சிங்க முத்திரை முட்டை பண்ணையிலிருந்து கடை வரை 20 டிகிரிக்குள் வர வேண்டும் என்பது அவர்கள் விதி. நம் சித்திரை வெயிலில் லாரிக்குள் என்ன வெப்பம் இருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. அவர்கள் திறந்த அலமாரி குளிர்நாட்டு அலமாரி. ஐரோப்பிய ஒன்றியமே, ரீயூனியன், மார்டினிக் போன்ற வெப்பமண்டலப் பிரெஞ்சுத் தீவுகளுக்குப் போகும் முட்டையைக் குளிர்விக்கலாம் என்று விதியில் விலக்கு வைத்திருந்தது.

நம்மைக் காப்பாற்றுவது இரண்டு விஷயம். முட்டை அதிக நாள் தங்குவதில்லை. நாமக்கல்லில் ஏற்றியது சில நாளில் விற்றுத் தீர்ந்துவிடும். அதோடு நாம் பெரும்பாலும் நன்றாக வேகவைத்தே சாப்பிடுகிறோம். நாமக்கல்லிலிருந்து வளைகுடா நாடுகளுக்குக் கப்பலில் போகும் முட்டைக்கு இந்த முதல் வசதி கிடையாது. அதனால் அது குளிர் கன்டெய்னரில்தான் போகிறது.

வாங்கி வந்ததும் குழாயில் கழுவி, துடைத்து ஃபிரிட்ஜில் அடுக்குகிறேன். சரிதானே?

வேண்டாம். குழாய்த் தண்ணீர் முட்டையைவிடக் குளிராக இருந்தால் மேலே சொன்ன இழுப்பு வரும், படலமும் போகும். எச்சம் ஒட்டியிருந்தால் காய்ந்த துணியால் துடைத்து, மற்றவற்றோடு சேராமல் மூடிய டப்பாவில் வையுங்கள். கழுவித்தான் ஆக வேண்டும் என்றால் உடைப்பதற்குச் சற்று முன் கழுவுங்கள், பிறகு கையையும் கழுவுங்கள். விரிசல் விட்டதை வாங்கவே வேண்டாம். அதற்குக் கியூட்டிகிள் இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒன்றுதான்.

ஃபிரிட்ஜிலிருந்து எடுத்து வெளியே மறந்துவிட்டேன். மறுபடி உள்ளே வைக்கலாமா?

இரண்டு மணி நேரம் என்பது அமெரிக்காவில் சொல்லும் வரம்பு. அவர்கள் கழுவிய முட்டைக்கு அதை மதிப்பது நல்லது. கழுவாத முட்டை என்றால் அவ்வளவு கறார் தேவையில்லை, ஆனால் நம் கடலோரக் காற்றில் ஓடு நனைந்துபோய் நிற்கும். அந்த ஈரத்தோடு திரும்ப வைக்காமல் அன்றைக்கே சமைத்துவிடுங்கள். கேக்குக்கு முட்டை அறை வெப்பத்துக்கு வர வேண்டுமென்றால் தேவையானதை மட்டும் எடுத்து வையுங்கள்.

தண்ணீரில் போட்டு மிதக்கிறதா என்று பார்ப்பேன். மூழ்கினால் நல்ல முட்டைதானே?

மூழ்கினால் புது முட்டை, அவ்வளவுதான். நாளாக ஆக ஈரம் ஆவியாகிக் காற்றறை பெரிதாவதால் மிதக்கிறது. சால்மொனெல்லா இருக்கும் முட்டை நிறம், மணம், மிதப்பு எதிலும் மாறாது. நேற்று இட்ட, கல் மாதிரி மூழ்குகிற முட்டையிலும் அது இருக்கலாம்.

அப்படியானால் கலக்கி, ஹாஃப் பாயில் எல்லாம் விட்டுவிட வேண்டுமா?

சால்மொனெல்லாவைக் கொல்ல 71 டிகிரி போதும். மஞ்சள்கரு இறுகியிருந்தால் அந்தச் சூட்டை எட்டிவிட்டது என்று எடுத்துக்கொள்ளலாம். கலக்கியில் அது எட்டாது, எட்டினால் அது கலக்கி இல்லை. ஆரோக்கியமான பெரியவர் ஒருவர், புதிதாக வந்து ஃபிரிட்ஜில் இருந்த முட்டையில், அப்போதே போட்டு அப்போதே சாப்பிட்டால் ஆபத்து சிறியது, நான் சாப்பிடுகிறேன். கர்ப்பிணிக்கும் சிறு குழந்தைக்கும் வயதானவருக்கும் கொடுக்க மாட்டேன். பிரிட்டனில் அவர்களுக்கும் கொடுக்கலாம் என்று சொல்ல முடிந்தது கோழிக்கு மருந்து கொடுத்து, சோதித்து, முத்திரை குத்திய பிறகுதான்.

என் பயம் கலக்கியைவிட பச்சை முட்டை மயோனைஸ் மேல்தான். கலக்கி ஒரு முட்டை, ஒரு ஆள், இரண்டு நிமிடம். மயோனைஸில் பல முட்டைகளை ஒன்றாக அடிக்கிறார்கள். அதில் ஒன்றில் கிருமி இருந்தாலும் மொத்தமும் கெடும். அப்புறம் அது ஷவர்மாக் கடையில் மாலை முழுவதும் வெளியே நிற்கும். 2025 ஏப்ரல் 8 முதல் தமிழ்நாடு அரசு பச்சை முட்டை மயோனைஸுக்கு ஓராண்டுத் தடை போட்டது இதனால்தான். முட்டை சேர்க்காத மயோனைஸ் கடைகளில் கிடைக்கிறது. வீட்டில் செய்வதானால் வெந்த முட்டையின் மஞ்சள்கருவை மசித்தும் செய்யலாம், சுவை கொஞ்சம் வேறாக இருக்கும்.